300 எம்.பி.பி.எஸ் இருந்தும் ஃபைட்டிங் கேமில் ஏன் அடி வாங்குறீங்க?

ஸ்பீடு டெஸ்ட்டில் 300 எம்.பி.பி.எஸ் காட்டுது. ஆனா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ல ஆன்லைன் மேட்ச் போனா, எதிராளி திடீர்னு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவுறான். கோளாறு உங்க ரிஃப்ளெக்ஸிலா, நெட்டிலா? இதுக்குப் பதில் தெரியணும்னா, 'ரோல்பேக் நெட்கோடு' எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் பார்க்கணும்.

காத்திருக்காமல் யூகிக்கும் கேம்

ஃபைட்டிங் கேம் ஒரு செகண்டுக்கு 60 ஃப்ரேம் ஓடும். அதாவது ஒரு ஃப்ரேம் சுமார் 16.7 மில்லி செகண்ட். பழைய முறையில், எதிராளி எந்த பட்டனை அழுத்தினார் என்ற தகவல் வந்து சேரும்வரை கேம் காத்திருக்கும். அதனால் நீங்கள் அழுத்திய பட்டனும் தாமதமாகவே வேலை செய்யும். இதில் வெறுத்துப்போய், 2006-ல் டோனி கேனன் என்பவர் உருவாக்கியதுதான் ஜி.ஜி.பி.ஓ. ரோல்பேக்கைப் பிரபலமாக்கியது அதுதான்.

ரோல்பேக் காத்திருக்காது, யூகிக்கும். 'எதிராளி போன ஃப்ரேமில் என்ன அழுத்தினாரோ, இப்பவும் அதையேதான் அழுத்துறார்' என்று வைத்துக்கொண்டு ஆட்டத்தை நகர்த்தும். நாம் யாருமே ஃப்ரேமுக்கு ஒரு பட்டன் மாற்றுவதில்லை என்பதால், பெரும்பாலும் இந்த யூகம் சரியாகவே இருக்கும். தப்பினால், சேமித்து வைத்த பழைய ஃப்ரேமுக்குத் திரும்பிப்போய், சரியான பட்டனைப் போட்டு, இடையில் நடந்ததையெல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் மறுபடி கணக்குப் போட்டுவிடும்.

ஒரு டிரைவ் இம்பாக்ட் கணக்கு

எதிராளி டிரைவ் இம்பாக்ட் போடுறார்னு வெச்சுக்குவோம். அது உங்கள் மேல் விழ 26 ஃப்ரேம் ஆகும். அதைப் பார்த்து நீங்களும் பதிலுக்கு ஒரு டிரைவ் இம்பாக்ட் போட்டால் தப்பிக்கலாம். கண்ணில் பட்டு, விரல் அசைய மனுஷனுக்கு ஏறக்குறைய 15 ஃப்ரேம் வேணும்.

எதிராளியின் தகவல் 50 மில்லி செகண்டில் வருதுன்னா, நீங்கள் இழப்பது 3 ஃப்ரேம். மீதி 23 இருக்கு, தாராளம். ஆனால் அந்த ஒரு தகவல் மட்டும் 130 மில்லி செகண்ட் எடுத்துக்கிட்டா, 8 ஃப்ரேம் காலி. மீதி 18. கொஞ்சம் அசந்தாலும் அடி உறுதி. இன்னும் தாமதமானால், யூகிக்க ஓர் எல்லை உண்டு என்பதால் கேமே நின்று காத்திருக்கும். திரை திக்கித் திக்கி ஓடுவது அப்போதுதான்.

கவனிங்க, நிலையான 50 பிரச்னையே இல்லை. நாலு ரவுண்டில் கை அதற்குப் பழகிவிடும். ஒரு முறை 50, அடுத்த முறை 130 என்று மாறிக்கொண்டே இருந்தால், எதற்கென்று பழகுவது? இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பெயர் 'ஜிட்டர்'.

ஸ்பீடு ஏன் உதவாது?

கேம் அனுப்புவது வீடியோ இல்லை, எந்த பட்டன் என்ற துளித் தகவல்தான். அதற்கு 1 எம்.பி.பி.எஸ்கூடத் தேவைப்படாது. 300 என்பது ரோட்டின் அகலம். ஒற்றை சைக்கிள் போக எட்டு வழிச் சாலை எதுக்கு? வழியில் சிக்னல் விழாமல் இருந்தால் போதும்.

வைஃபையில் அந்த சிக்னல் அடிக்கடி விழும். ஒரே சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். உங்க வீட்டு டி.வி, தம்பியோட போன், பக்கத்து வீட்டு ரௌட்டர் எல்லாம் முறை வெச்சுத்தான் பேசணும். மோதிக்கொண்டால் மறுபடி அனுப்பணும். டவுன்லோடில் இது தெரியவே தெரியாது. ஃபைட்டிங் கேமில் ஒவ்வொரு மறு முயற்சியும் சில ஃப்ரேம்களைத் தின்னும். லேன் கேபிளில் இந்தக் காத்திருப்பு இல்லை.

நீங்களே செக் பண்ணுங்க

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து `ipconfig` என்று அடித்தால், Default Gateway என்ற இடத்தில் உங்கள் ரௌட்டரின் முகவரி தெரியும். அது 192.168.1.1 என்றால், இப்படி அடிங்க:

```
ping -n 100 192.168.1.1
```

முடிவில் Minimum, Maximum இரண்டையும் பாருங்க. கேபிளில் இரண்டுமே 1 மில்லி செகண்டை ஒட்டி இருக்கும். வைஃபையில் Maximum 60, 80 என்று எகிறினால், தகவல் வீட்டை விட்டு வெளியே போவதற்குள்ளேயே 4, 5 ஃப்ரேம் போயிடுச்சுன்னு அர்த்தம். அதற்கு இன்டர்நெட் பிளானை மாற்றிப் பயனில்லை.

கேபிள் எல்லாத்தையும் சரிசெய்யாது. எதிராளி இருக்கும் தூரம் குறையாது. வீட்டில் யாராவது பெரிய வீடியோ அப்லோடு செய்தால், ரௌட்டரில் வரிசை நீண்டு கேபிளிலும் தாமதம் வரும். அந்த நேரத்தில் ரேங்க்டு பக்கம் போகாதீங்க.

இன்னொண்ணு. உங்க வைஃபை தடுமாறினால் எதிராளியின் திரையும் தாவும். அதனால்தான் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, டெக்கன் 8 இரண்டிலும் எதிராளி வைஃபையா, கேபிளா என்று ஐகான் காட்டுகிறார்கள். வைஃபை ஐகானைப் பார்த்ததும் பலர் மேட்சை மறுத்துவிடுவார்கள். உங்களுக்கு மேட்ச் சீக்கிரம் கிடைக்கவில்லை என்றால், அதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அடுத்த மாசம் பிளானை அப்கிரேடு பண்ணும் முன், ரௌட்டரிலிருந்து உங்கள் ரூமுக்கு எத்தனை மீட்டர்னு ஒரு டேப் வெச்சு அளந்துடுங்க. கேட்-5இ கேபிளே போதும்.