எட்டு நிமிடத்துக்குள் ஊர் முழுவதும்

ஏழு பகுதிகள் கொண்ட ஒரு சிற்றூரைக் கற்பனை செய்துகொள்வோம். நடுவில் சந்தை. அங்கிருந்து மூன்று சாலைகள் பிரிகின்றன. முதல் சாலையில் 6 நிமிடத்தில் ஆலை வரும். அதைத் தாண்டி 5 நிமிடத்தில் மலையடி. இரண்டாவது சாலையில் 6 நிமிடத்தில் காலனி, இன்னும் 6 நிமிடம் போனால் ஆற்றங்கரை. மூன்றாவது சாலையில் 7 நிமிடத்தில் ஏரிக்கரை, மேலும் 7 நிமிடத்தில் புதுநகர். எல்லாமே தீயணைப்பு வண்டி ஓடும் நேரம்.

எங்கே தீப்பிடித்தாலும் 8 நிமிடத்துக்குள் வண்டி போய்ச் சேர வேண்டும் என்று நகராட்சி முடிவு செய்கிறது. குறைந்தது எத்தனை நிலையங்கள் கட்ட வேண்டும்? எங்கெங்கே?

யாரைக் கேட்டாலும் முதலில் சந்தையைத்தான் காட்டுவார்கள். நியாயம்தான். சந்தையில் ஒரு நிலையம் வைத்தால் சந்தை, ஆலை, காலனி, ஏரிக்கரை ஆகிய நான்கு பகுதிகளையும் 8 நிமிடத்துக்குள் எட்டலாம். வேறு எந்த இடத்திலிருந்தும் இவ்வளவு பகுதிகளை எட்ட முடியாது. ஆனால் மலையடி, ஆற்றங்கரை, புதுநகர் மூன்றும் விடுபடுகின்றன. அவை ஒவ்வொன்றும் வேறு வேறு சாலையின் கோடியில் இருப்பதால், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலையம் தனியாக வேண்டும். மொத்தம் நான்கு.

கணக்கை மறுமுனையிலிருந்து தொடங்கினால் விடை மாறுகிறது. ஒதுங்கிக் கிடக்கும் மலையடியை எடுத்துக்கொள்வோம். அதை 8 நிமிடத்தில் எட்டக்கூடிய இடங்கள் இரண்டே: மலையடி, ஆலை. மலையடியில் வைத்தால் அந்த இரண்டு பகுதிகளுக்கு மட்டும்தான் பயன். ஆலையில் வைத்தால் அவற்றோடு சந்தையும் சேர்கிறது. ஆகவே மலையடியை நிலையத்துக்கான இடங்களின் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம், ஆலை கட்டாயமாகிறது. இதே காரணத்தால் ஆற்றங்கரைக்காகக் காலனியும், புதுநகருக்காக ஏரிக்கரையும் கட்டாயமாகின்றன. மூன்று நிலையங்களில் ஊர் முழுவதும் அடங்கிவிடுகிறது. எல்லோரும் கைகாட்டிய சந்தையில் நிலையமே இல்லை. ஆனாலும் மூன்று பக்கத்திலிருந்தும் அங்கே வண்டி வரும்.

இந்தக் கணக்குக்கு ‘செட் கவரிங்’ என்று பெயர். அவசர உதவி நிலையங்களுக்கு இதை முறையாகப் பொருத்திக் காட்டியவர்கள் கான்ஸ்டன்டைன் டொரேகாஸ், சார்லஸ் ரெவெல் உள்ளிட்ட நால்வர். அவர்களுடைய கட்டுரை 1971ல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஒவ்வொரு இடத்துக்கும் ‘நிலையம் உண்டு’ என்றால் 1, ‘இல்லை’ என்றால் 0. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே நிபந்தனை: அதை நேரத்துக்குள் எட்டும் இடங்களில் ஒன்றாவது 1 ஆக இருக்க வேண்டும். அப்படி இருக்கும்போது 1களின் எண்ணிக்கை எவ்வளவு குறையுமோ அவ்வளவு குறைய வேண்டும். அவ்வளவுதான் மாதிரி. ஏழு இடங்களுக்குக் கையாலேயே போட்டுவிடலாம். இடங்கள் நூறு என்றால் சேர்க்கைகள் 31 இலக்க எண்ணாகப் பெருகிவிடும். அங்கேதான் கணினி வேண்டும். மலையடியை அடித்ததுபோல வேண்டாதவற்றை முதலில் கழித்துவிடும் வேலையும் அங்கேதான் கைகொடுக்கிறது.

இந்த மாதிரி சராசரி பார்ப்பதில்லை. ‘சராசரியாக 5 நிமிடத்தில் போய்விடுகிறோம்’ என்று சொல்லும் ஊரில் ஏதோ ஒரு குடியிருப்பு 20 நிமிடம் காத்திருக்கலாம். இங்கே அந்தச் சமாதானம் எடுபடாது. குறைந்த வீடுகள் உள்ள மலையடிக்கும் நிறைய வீடுகள் உள்ள சந்தைக்கும் ஒரே நிபந்தனைதான்.

அப்படியானால் அந்த 8 நிமிடத்தை யார் முடிவு செய்வது? அதைக் கணிதம் சொல்லாது. மனிதர்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் அதன் விலை என்ன என்பதைக் கணிதம் சொல்லும். நம் ஊரில் வரம்பை 14 நிமிடமாகத் தளர்த்தினால் சந்தையில் ஒரே நிலையம் போதும். 12 அல்லது 13 நிமிடம் என்றால் இரண்டு. 11 நிமிடம் என்றால் மூன்று. 10, 9, 8, 7 நிமிடங்களுக்கும் அதே மூன்றுதான்! 6 நிமிடத்துக்கு இறுக்கும்போதுதான் நான்காவது நிலையம் தேவைப்படுகிறது. ஆக, 11 நிமிடம் போதும் என்று தீர்மானம் போடும் நகராட்சி, கூடுதலாக ஒரு கட்டடமும் கட்டாமல் கிடைக்கக்கூடிய நான்கு நிமிடத்தைக் கைவிடுகிறது. வரம்பை ஒவ்வொரு நிமிடமாக மாற்றி இந்தப் படிக்கட்டை வரைந்து பார்க்காமல் எந்த வரம்பையும் நிர்ணயிக்கக் கூடாது.

நிஜ ஊர் வெற்றுக் காகிதம் அல்ல. ஏற்கெனவே நிலையங்கள் இருக்கும். அமெரிக்காவின் டென்வர் நகரத் தீயணைப்புத் துறைக்காக டொனால்ட் பிளேன், தாமஸ் ஹென்ட்ரிக் இருவரும் செய்து 1977ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அழகான வழி கண்டது. முதல் குறிக்கோள், நிலையங்களின் எண்ணிக்கை குறைய வேண்டும். அதே எண்ணிக்கையில் பல விடைகள் கிடைத்தால், இருக்கும் நிலையங்களை அதிகம் தக்கவைக்கும் விடையை எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய கட்டடத்தை இடித்துவிட்டு இரண்டு தெரு தள்ளிப் புதிதாகக் கட்டும் வீண்செலவு இதனால் தவிர்ந்தது.

நேரத்தை எப்படி அளப்பது என்பதிலும் சறுக்கல் உண்டு. வரைபடத்தில் வட்டம் போட்டால் ஆற்றின் மறுகரையும் ‘அருகில்’ என்றே தெரியும். பாலம் எங்கே என்று வட்டத்துக்குத் தெரியாது. சாலை தூரத்தை அப்படியே நிமிடமாக மாற்றுவதும் சரிவராது. 1970களில் நியூயார்க் தீயணைப்பு வண்டிகளின் ஓட்டத்தை ஆராய்ந்தபோது, நீண்ட ஓட்டத்தில் நேரம் தூரத்துக்கு ஏற்பச் சீராகக் கூடுவதும், குறுகிய ஓட்டத்தில் தூரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே கூடுவதும் தெரிந்தது. கிளம்பிய வண்டி வேகம் பிடிப்பதற்குள் குறுகிய தூரம் முடிந்துவிடுகிறது. எனவே ஒரு திட்டத்தைச் சோதிக்க எளிய வழி, வண்டியின் பழைய பதிவேட்டை எடுத்து, கணக்கு சொன்ன நிமிடத்தையும் உண்மையில் ஆன நிமிடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே.

இன்னொரு பெரிய ஓட்டை: நிலையத்தில் வண்டி எப்போதும் தயாராக நிற்கும் என்று இந்த மாதிரி நம்புகிறது. ஆம்புலன்ஸுக்கு அது பொருந்தாது. ஒரு வண்டி நாளில் 30 சதவீத நேரம் வேறு அழைப்பில் இருந்தால், அதை மட்டும் நம்பியிருக்கும் பகுதிக்கு 70 சதவீத நேரம்தான் பாதுகாப்பு. இரண்டாவது வண்டியும் எட்டும் தூரத்தில் இருந்து, இரண்டும் தனித்தனியாக இயங்கினால் அது 91 சதவீதமாகிறது. மார்க் டாஸ்கின் 1983ல் வெளியிட்ட மாதிரி இந்தக் கணக்கை உள்ளே கொண்டுவந்தது.

பணம் போதவில்லை என்றால்? மூன்று வேண்டிய இடத்தில் இரண்டுக்குத்தான் நிதி. ரிச்சர்ட் சர்ச்சும் ரெவெலும் 1974ல் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள்: கையில் இருக்கும் நிலையங்களைக் கொண்டு அதிகபட்சம் எத்தனை பேரை எட்டலாம்? நம் ஊரில் சந்தையில் 9,000 பேர், ஏரிக்கரையில் 5,000, ஆலையில் 4,000, காலனியில் 3,000, ஆற்றங்கரையில் 2,000, புதுநகரில் 1,500, மலையடியில் 500 என்று வைத்துக்கொண்டால், சிறந்த விடை சந்தையும் காலனியும். 25,000 பேரில் 23,000 பேர் 8 நிமிட எல்லைக்குள் வந்துவிடுகிறார்கள். 92 சதவீதம்.

அறிக்கையில் அந்த 92 மட்டும் அச்சாகும்போதுதான் ஆபத்து. மீதி 8 சதவீதம் ஊரெங்கும் சிதறிக் கிடப்பதில்லை. அது முழுக்க முழுக்க மலையடியும் புதுநகரும். இந்தியாவில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று என்று தலைக்கணக்கு விதி உண்டு. அந்த விதி நிறைவேறிய வட்டாரத்திலும் இப்படிப்பட்ட குடியிருப்புகள் இருக்கலாம். ஆகவே நிலையங்களுக்கு இடம் குறிக்கும் எந்தத் திட்டத்திலும், எட்டப்படாத பகுதிகளின் பெயர்களும், அங்கே வண்டி போய்ச் சேர ஆகும் நிமிடங்களும், அடுத்த நிலையத்துக்கு நிதி கிடைத்தால் அவற்றில் எது முதலில் சேரும் என்பதும் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.