கணக்கு நோட்டிலிருந்து ஒரு தீபாவளி வாழ்த்து

தீபாவளிக்கு மறுநாள் என் கைப்பேசியில் வந்திருந்த வாழ்த்துகளைப் பார்த்தேன். பாத்திரக் கடை, தண்ணீர் கேன் போடுகிறவர், இன்வெர்ட்டர் கடை என எல்லோரும் வாழ்த்தியிருந்தார்கள். மூன்று கடைகளிலிருந்து ஒரே குத்துவிளக்குப் படம் வந்திருந்தது. ஒன்றில் வேறு ஊர்க் கடையின் பெயர்கூட மூலையில் இருந்தது. இந்தக் கடைக்காரர்களை எனக்குப் பல வருடங்களாகத் தெரியும். நேரில் போனால் நலம் விசாரிக்காமல் பொருளை எடுத்துத் தர மாட்டார்கள். அவர்களுடைய வாழ்த்தில் மட்டும் அவர்களைக் காணவில்லை.

படத்தைத் திறக்கும் முன்பே அது பொதுவாக அனுப்பப்பட்டது என்று தெரிந்துவிடுகிறது. மற்றவரிடமிருந்து வந்ததை அப்படியே அனுப்பினால், 2018-லிருந்து வாட்ஸ்அப் அதன் மேல் Forwarded என்று எழுதிக் காட்டுகிறது. பல கை மாறி வந்ததென்றால் இரட்டை அம்புக்குறி விழும். பிராட்காஸ்ட் லிஸ்ட் வழியாகப் புதிதாக எழுதி அனுப்பினால் அந்த அடையாளம் இருக்காது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் நம் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். போய்ச் சேர்ந்தாலும் "அன்பான வாடிக்கையாளரே" என்ற தொடக்கம் காட்டிக்கொடுத்துவிடும். தினமும் "டீச்சர்" என்று கூப்பிடும் ஒருவரைப் பண்டிகை நாளில் மட்டும் "வாடிக்கையாளரே" என்றால், இது தனக்கு எழுதியதல்ல என்பது அவருக்குப் புரியாதா?

நம் ஊரில் பண்டிகை விசாரிப்பு பெரும்பாலும் கேள்வியாகத்தான் இருக்கும். தீபாவளிக் காலையில் பல வீடுகளில் "கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்பார்கள். பொங்கலன்று "பால் பொங்கிச்சா?" என்று கேட்போம். கேள்வி என்றால் பதில் வர வேண்டும். பதிலை எதிர்பார்த்து ஒருவரிடம்தான் கேட்க முடியும், இருநூறு பேரிடம் ஒரே மூச்சில் கேட்க முடியாது. கடை வாழ்த்தும் இந்த முறையைப் பிடித்துக்கொண்டால் போதும் என்பது என் எண்ணம்.

ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடையை வைத்துப் பார்ப்போம். மாதாமாதம் வாங்குகிறவர்கள் இருநூறு பேர் என்று கொள்வோம். அத்தனை பேருக்கும் தனித்தனியாக எழுதுவது நடக்காது, எழுதவும் வேண்டாம். கணக்கு நோட்டைப் புரட்டினால், முகமும் வீடும் உடனே நினைவுக்கு வருகிற பெயர்கள் அறுபது தேறும். அந்த அறுபதுக்கும் எதிரே பென்சிலால் ஒரே ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். அந்த வரி இந்தக் கடைக்கும் அந்த வீட்டுக்கும் மட்டுமே தெரிந்ததாக இருக்க வேண்டும். ஒருவர் எப்போதும் தூக்குவாளி கொண்டுவந்துதான் நல்லெண்ணெய் வாங்குவார். இன்னொருவர் எண்ணெய் கலங்கலாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு அக்காவின் மகளுக்கு இது தலை தீபாவளி.

அந்த வரியிலிருந்துதான் வாழ்த்து பிறக்கிறது. கலங்கல் என்று சொன்ன ஆசிரியைக்கு இப்படி எழுதலாம்: "டீச்சர், வணக்கம். செக்குக் கடையிலிருந்து எழுதுறேன். நீங்க சொன்னதுக்கப்புறம் எண்ணெயை இன்னும் ரெண்டு நாள் கூடுதலா தெளிய வெச்சுத்தான் பாட்டில்ல ஊத்துறோம். இப்ப எப்படி இருக்கு? வீட்ல எல்லாருக்கும் எங்க தீபாவளி வாழ்த்து." செக்கில் ஆட்டிய எண்ணெயில் மண்டி அடியில் தங்கச் சில நாள் ஆகும். அவர் சொன்னதைக் கடை காதில் வாங்கி வேலையை மாற்றியிருக்கிறது. அதை அறிவதைவிட அவருக்கு வேறு வாழ்த்து வேண்டியதில்லை. தலை தீபாவளி வீட்டுக்கு இன்னும் சுருக்கமாக எழுதலாம்: "அக்கா, மாப்பிள்ளை வந்தாச்சா? தலை தீபாவளிப் பிள்ளைகளுக்கு எங்க வாழ்த்தைச் சொல்லுங்க."

இரண்டிலும் விலை இல்லை, தள்ளுபடி இல்லை. அதில் நான் கறாராகவே இருப்பேன். பலகாரத்துக்கும் எண்ணெய்க் குளியலுக்கும் மக்கள் வாங்குவது பண்டிகைக்குப் பத்து நாள் முன்பு. விலைப்பட்டியலை அப்போதே தனியாக அனுப்பிவிடலாம். வாழ்த்தின் அடியில் "10 சதவீதத் தள்ளுபடி" என்று ஒரு வரி சேர்ந்தால், மேலே எழுதிய அத்தனையும் அந்த வரிக்கு முன்னுரையாகிவிடுகிறது.

தெரிந்ததையெல்லாம் எழுதிவிடவும் கூடாது. அவர்கள் கல்லாவுக்கு எதிரே நின்று தாமாகச் சொன்னதை எழுதலாம். நோட்டைப் பார்த்து நாம் ஊகித்ததை எழுதக் கூடாது. மாதம் மூன்று லிட்டர் வாங்கியவர் ஒரு லிட்டருக்கு வந்திருந்தால், காரணம் மருத்துவராக இருக்கலாம், வருமானமாக இருக்கலாம். "இப்பல்லாம் கம்மியா வாங்குறீங்களே" என்பது வாழ்த்தில் வந்தால் மனம் சுருங்கிவிடும். பாக்கியைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது துக்க வீடு. நெருங்கியவர் இறந்த வருடம் நம் வீடுகள் பலவற்றில் பண்டிகை கொண்டாடுவதில்லை. அந்த வீட்டுக்கு மத்தாப்புப் படம் போய்ச் சேர்வதைத்தான் மொத்தமாக அனுப்பும் முறையால் தடுக்க முடியாது. நோட்டில் அந்தப் பெயருக்கு எதிரே ஒரு குறி இருந்தால் தடுக்கலாம். அதேபோல ரம்ஜானும் கிறிஸ்துமஸும் எந்தெந்த வீடுகளுக்கு என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். தீபாவளிக்கு வாழ்த்திவிட்டு அவர்களுடைய பண்டிகையை மறந்துபோனால், அவர்களை நாம் நினைத்ததாகவே ஆகாது.

ஒரு வாழ்த்தை எழுத இரண்டு நிமிடம் என்றால் அறுபதுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். தீபாவளி வாரத்தில் எண்ணெய்க் கடைக்காரருக்கு அந்த நேரம் கிடைக்காது. ஆயுத பூஜை முடிந்த கையோடு தினம் பன்னிரண்டு என்று எழுதினால் ஐந்து நாளில் முடியும். நோட்டிலேயே எழுதி வைத்துவிட்டு, பண்டிகைக்கு முந்தின மாலையிலிருந்து ஒவ்வொன்றாக அனுப்பலாம். ஒருவருக்கு எழுதியதை நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றும் ஆசை வரும். தவறு நடப்பது அங்கேதான். மாற்ற மறந்த ஒரு பெயர் முழு உழைப்பையும் பொய்யாக்கிவிடும். அனுப்பும் முன் கடைசியாகப் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட வேண்டும். படிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்குப் பதினைந்து வினாடிக் குரல் பதிவு போதும்.

சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்பதை நீல டிக் சொல்லாது. பதிலைப் பார்க்க வேண்டும். கைகூப்பும் படமோ இன்னொரு குத்துவிளக்கோ திரும்பி வந்தால், நம்முடையதையும் பொது வாழ்த்தாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். "இப்ப நல்லா தெளிவா இருக்குப்பா, மருமக கேட்டா, இன்னொரு லிட்டர் எடுத்து வை" என்று வந்தால் அது கடிதமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்தப் பதிலுக்கு அன்றே மறுபதில் போட வேண்டும். மருமகள் கேட்டதையும் நோட்டில் ஏற்றிக்கொள்ள வேண்டும். அடுத்த வருட வரி அதுதான்.

அறுபது மலைப்பாக இருந்தால் இந்த வருடம் பத்துப் பெயரோடு தொடங்குங்கள். அந்தப் பத்தில் ஒரு துக்க வீடு இருந்தால், அங்கே எதையும் அனுப்பாமல் பண்டிகைக்கு முன் ஒருநாள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.