தண்ணீரைக் குறைத்தால் கசிவு நிற்குமா?

முதியவர்களை அவர்கள் வீட்டுக்கே சென்று பார்க்கும் தாதி நான். “அம்மாவுக்கு நாலு நாளா மலம் போகல மிஸ்ஸி, நல்ல மருந்தா ஒண்ணு சொல்லுங்க” என்று பிள்ளைகள் கேட்பது வழக்கம். மருந்தைப் பற்றிப் பேசும் முன் நான் ஒன்று கேட்பேன்: “நேற்று அம்மா எத்தனை குவளை குடித்தார்?” பெரும்பாலான வீடுகளில் அதற்குப் பதில் இருக்காது. மேசைமேல் தண்ணீர் இருக்கும். அது குறைந்ததா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்கிவிடுகிறது. உடலில் நீர் குறைந்தாலும் மூளை முன்போல் எச்சரிப்பதில்லை. அதனால் “தாகம் எடுத்தால் குடிப்பேன்” என்று எழுபது வயதுக்காரர் சொன்னால், அதை அப்படியே ஏற்றுக்கொள்ள முடியாது. அடுத்தது, வெளியே சொல்லக் கூச்சப்படும் காரணம்: இருமினாலோ எழுந்தாலோ சிறுநீர் கசிந்துவிடுமோ என்ற பயம். கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ கிளம்பும் நாளில் காலையிலிருந்தே குடிக்காமல் இருப்பவர்கள் பலர். கேட்டால் “பசியில்லை, தாகமில்லை” என்பார்கள். கசிவைப் பற்றி மகளிடம்கூட வாய் திறக்க மாட்டார்கள்.

உடல் இதை எப்படி ஈடுகட்டுகிறது என்று பாருங்கள். சிறுகுடலிலிருந்து பெருங்குடலுக்கு ஒரு நாளைக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் நீர் வந்து சேர்கிறது. அதில் பெரும்பகுதியைப் பெருங்குடல் உறிஞ்சிக்கொள்ளும். குடிப்பது போதாமல் போனால் உடல் கிடைக்கும் நீரையெல்லாம் சேமிக்கப் பார்க்கும். நடமாட்டமும் குறைந்து மலம் உள்ளேயே தங்கினால், அது மேலும் வறண்டு இறுகும். மலக்குடலில் இறுகிய மலம் பக்கத்திலுள்ள சிறுநீர்ப்பையை அழுத்தும். கசிவு கூடும். நீர் குறைவால் அடர்ந்துபோன சிறுநீரும் சிலருக்குப் பையை எரிச்சலூட்டி, அடிக்கடி ஓட வைக்கும். கசிவுக்குப் பயந்து நீரைக் குறைத்தவருக்குக் கசிவே அதிகமாகும்.

கிள்ளானில் நான் பார்த்த ஓர் அம்மாவுக்கு வயது 76. மகள் என்னை அழைத்தது மலச்சிக்கலுக்காக அல்ல. “ரெண்டு நாளா வயித்தால போவுது, துணியெல்லாம் கறை” என்றார். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையும் வாங்கி வைத்திருந்தார். ஆனால் அதற்கு முன்பு பத்து நாளாக அவருக்குச் சரியாக மலம் போகவில்லை, வயிறு உப்பியிருந்தது, சாப்பாடும் பிடிக்கவில்லை. இப்படி வந்தால் சந்தேகப்பட வேண்டும். இறுகிய மலம் அடைத்துக்கொண்டிருக்க, அதன் ஓரமாக நீர்த்த மலம் மட்டும் கசிந்து வரும். பார்ப்பதற்கு வயிற்றுப்போக்கு போலவே இருக்கும். அந்த நேரத்தில் நிறுத்தும் மாத்திரை கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும். டாக்டர் பரிசோதித்து, அடைப்பு என்று உறுதி செய்து, எனிமா கொடுத்து அகற்றினார். பிறகு லாக்டுலோஸ் என்ற மலமிளக்கித் திரவத்தை எழுதிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகுதான் குவளைக் கணக்கு. அவர் வழக்கமாகக் குடிக்கும் பாத்திரங்களைச் சமையலறை அளவுக் குவளையால் அளந்தோம். காலையில் மாத்திரைக்கு 50 மில்லிலிட்டர், கோப்பி 150, மதியம் அரை டம்ளர் தண்ணீர் 100, மாலை தே ஓ 150, இரவு மாத்திரைக்கு 50. மொத்தம் அரை லிட்டர். வயதான பெண்களுக்குப் பானங்களாகவே நாளுக்குச் சுமார் 1.6 லிட்டர், ஆண்களுக்கு 2 லிட்டர் என்று ஐரோப்பிய ஊட்டச்சத்து வழிகாட்டி சொல்கிறது. கோப்பி, தேநீர், பால், ரசம் எல்லாம் இதில் சேரும். இந்த அளவு எல்லாருக்கும் பொருந்தாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அம்மாவுக்கு இருதயத்திலும் சிறுநீரகத்திலும் கோளாறில்லை என்று டாக்டர் சொன்ன பிறகே அளவைக் கூட்டினோம். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு டம்ளர் என்று கூட்டி, இரண்டு வாரத்தில் வந்து சேர்ந்த அட்டவணை இது: காலை 6.30-க்கு வெதுவெதுப்பான தண்ணீர் 200 மில்லி, 8 மணிக்குப் பசியாறும்போது கோப்பி 150, 10 மணிக்குத் தண்ணீர் 200, மதிய உணவோடு 200, 3 மணிக்கு 200, 5 மணிக்குத் தேநீர் 150, மாலை 6.30 சாப்பாட்டில் ரசமோ சூப்போ 200, இரவு மாத்திரைக்கு 100. மொத்தம் 1.4 லிட்டர். ஏழு மணிக்குள் ஏறக்குறைய எல்லாம் முடிந்துவிடும். இனிப்புப் பார்லித் தண்ணீரையும் மைலோவையும் இந்தக் கணக்கில் நம்பியிருக்க வேண்டாம் என்றேன். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு.

கூடவே, அவசரம் வரும்வரை காத்திராமல் இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை கழிவறைக்குப் போகச் சொன்னேன். பசியாறி முடித்த அரை மணி நேரத்துக்குள், பாதங்களைச் சிறு முக்காலியில் வைத்து அவசரமில்லாமல் உட்காரவும் சொன்னேன். சாப்பிட்டதும் பெருங்குடல் தானாக அசையும். அந்த நேரத்தைத் தவறவிடக் கூடாது. முதல் வாரம் அம்மா என்னிடம் கோபித்துக்கொண்டார்: “உன்னால நான் கழிவறையிலேயே குடியிருக்கேன்!” மூன்றாவது வாரத்தில் அது தணிந்தது. மலம் இரண்டு நாளுக்கு ஒருமுறை, முக்காமல் போனது. கசிவு குறைந்தது, ஆனால் முழுவதும் நிற்கவில்லை. இருமும்போது வரும் கசிவுக்கு இடுப்புத்தளத் தசைப் பயிற்சி வேண்டும். அதற்குப் பிசியோதெரபிஸ்ட்டிடம் போனார்.

இரவில் மூன்று நான்கு முறை எழுவதற்குக் குடித்த தண்ணீர்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பகலில் கால்களில் தேங்கிய நீர், படுத்ததும் இரத்தத்தில் கலந்து சிறுநீராக இறங்கும். மாலைக்குமுன் ஒரு மணி நேரம் கால்களை உயர்த்தி வைத்தால் சிலருக்குக் குறையும். கால் வீக்கத்துக்கான காரணத்தை டாக்டர் பார்க்க வேண்டும். நீர் மாத்திரை எடுப்பவர்கள் எந்த நேரத்தில் எடுப்பது என்று கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். சிறுநீர் அவசரத்துக்குக் கொடுக்கப்படும் சில மாத்திரைகளும், இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தை இறுக்கும் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

இஸப்கோல் வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அது நீரை உறிஞ்சி வீங்கும் நார். நிறையத் தண்ணீர் குடிக்காதவருக்கு அதுவே தொண்டையிலோ குடலிலோ அடைப்பாகலாம். மலம் ஏற்கெனவே அடைத்திருக்கும்போது கொடுக்கவே கூடாது. மறுபுறம், போதுமான அளவு குடிப்பவருக்கு இன்னும் தண்ணீரை ஊற்றினால் மலச்சிக்கல் தீரும் என்பதும் உண்மையல்ல. அவருக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

இருதயச் செயலிழப்பு, முற்றிய சிறுநீரக நோய், டயாலிசிஸ் என்றால் டாக்டர் சொன்ன அளவே அளவு. அந்த அளவைக் காலையிலேயே ஒரு போத்தலில் நிரப்பி வையுங்கள். கோப்பி குடித்தால் அந்த அளவைப் போத்தலிலிருந்து ஊற்றிவிடுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ எடை ஏறினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு தண்ணீர் குடிக்கும்போது இருமுகிறவருக்கு, விழுங்கும் திறனைச் சோதிக்காமல் அளவைக் கூட்டக் கூடாது. வயிறு உப்பி வாந்தி, மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, சிறுநீரே போகாமல் நிற்பது, திடீர்க் குழப்பம் இவற்றில் ஏதாவது இருந்தால் குவளைக் கணக்கை விட்டுவிட்டு அன்றே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.