மணிக்கு 3.6 மில்லி

செவிலியர் மாணவிகளின் பயிற்சித் தாளில் தவறாமல் வரும் கணக்கு ஒன்று ஏறக்குறைய இப்படி இருக்கும்: ‘நோயாளியின் எடை 48 கிலோ. எடையில் கிலோ ஒன்றுக்கு, நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம் வீதம் டோபமின் செலுத்தும்படி டாக்டர் எழுதியிருக்கிறார். 50 மில்லி சிரிஞ்சில் 200 மில்லிகிராம் டோபமின் கலந்து வைக்கப்பட்டுள்ளது. சிரிஞ்ச் பம்ப்பை மணிக்கு எத்தனை மில்லி என்று வைக்க வேண்டும்?’

எட்டாம் வகுப்புக் கணக்குதான். பெருக்கலும் வகுத்தலும் தவிர இதில் வேறொன்றும் இல்லை. ஆனாலும் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்கூட இங்கே தடுமாறுவார்கள். காரணம், மூன்று பேர் மூன்று அலகில் பேசுகிறார்கள். டாக்டரின் சீட்டு மைக்ரோகிராமில் பேசுகிறது. மருந்து வரும் ஆம்பூலின் மேல் மில்லிகிராம் என்று அச்சிட்டிருக்கிறது. பம்ப்புக்கோ மருந்தைப் பற்றி ஒன்றுமே தெரியாது. மணிக்கு எத்தனை மில்லி தள்ள வேண்டும் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். இந்த மூன்றையும் ஒரே கோட்டில் கொண்டுவருவது நர்ஸின் வேலை.

டோபமினை ஏன் இப்படிச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்க வேண்டும், ஒரே ஊசியாகப் போட்டால் என்ன என்று கேட்கலாம். ரத்த அழுத்தம் விழுந்துவிட்ட நோயாளிக்கு இதயத்தை வேகமாக இயங்க வைக்கவும், கூடுதல் அளவில் ரத்தக் குழாய்களை இறுக்கவும் தரப்படும் மருந்து இது. ரத்தத்தில் கலந்த சுமார் 2 நிமிடத்தில் பாதி தீர்ந்துபோகும். அதனால் தீரத் தீர வந்துகொண்டே இருக்க வேண்டும். வேகம்தான் இங்கே மருந்தின் அளவு.

கணக்கைப் போடுவோம். முதலில் சிரிஞ்சுக்குள் இருப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 50 மில்லியில் 200 மில்லிகிராம் என்றால் ஒரு மில்லியில் 4 மில்லிகிராம். ஒரு மில்லிகிராம் 1000 மைக்ரோகிராம் என்பதால், ஒரு மில்லியில் 4000 மைக்ரோகிராம். அடுத்து நோயாளிக்கு வேண்டியது: 5 × 48 = 240. அதாவது நிமிடத்துக்கு 240 மைக்ரோகிராம். பம்ப் மணிக்கணக்கில் ஓடுவதால் இதை 60ஆல் பெருக்கினால் 14,400. மணிக்கு 14,400 மைக்ரோகிராம் வேண்டும், ஒரு மில்லியில் 4000 இருக்கிறது, வகுத்தால் 3.6. பம்ப்பில் மணிக்கு 3.6 மில்லி என்று வைக்க வேண்டும்.

விடை வந்ததும் பேனாவை மூடிவிடக் கூடாது. வந்த வழியே திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். 3.6 மில்லியில் 14,400 மைக்ரோகிராம். 60ஆல் வகுத்தால் 240. 48ஆல் வகுத்தால் 5. டாக்டர் எழுதியது கிடைத்துவிட்டது. அரை நிமிட வேலைதான். முன்னால் போகும்போது விட்ட படியைத் திரும்பி வரும்போதும் விடுவது அபூர்வம்.

இந்தப் பயிற்சித் தாள்களில் எனக்கு ஒரு குறை உண்டு. பல தாள்களில் நோயாளியின் எடை 60 கிலோ என்று கொடுத்திருப்பார்கள், கணக்கு சுலபமாக இருக்கட்டும் என்று. எடையும் 60, நிமிடமும் 60. ஒரு மாணவி எடையால் பெருக்க மறந்தாலும், நிமிடத்தை மணியாக மாற்ற மறந்தாலும் ஒரே தவறான விடைதான் வரும். எதை மறந்தாள் என்று அவளுக்கும் தெரியாது, திருத்துகிற ஆசிரியைக்கும் தெரியாது. 48 என்றோ 54 என்றோ கொடுத்தால் தவறு தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். நம் கணக்கில் 60ஆல் பெருக்க மறந்தால் விடை 0.06, எடையை மறந்தால் 0.075.

இந்தத் தவறுகளெல்லாம் உண்மையில் நல்ல தவறுகள். மணிக்கு 0.06 மில்லி என்றால் 50 மில்லி சிரிஞ்ச் தீர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்று யோசித்தாலே சிரிப்பு வந்துவிடும். மில்லிகிராமை மைக்ரோகிராமாக மாற்ற மறந்தால் மணிக்கு 3600 மில்லி என்று வரும். அந்த வேகத்தில் சிரிஞ்ச் ஒரு நிமிடத்துக்குள் காலியாகிவிடும். விடையே கத்திச் சொல்கிறது.

பயப்பட வேண்டியது சத்தம் போடாத தவறுக்குத்தான். ஐசியுவில் ஒரு சிரிஞ்ச் தீர்ந்து அடுத்ததை மாற்றும் நேரம். உடம்பில் நீர் அதிகம் சேரக் கூடாது என்பதால், இந்த முறை இரண்டு ஆம்பூல் போட்டு 400 மில்லிகிராமாகக் கலக்கச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது ஒரு மில்லியில் 8 மில்லிகிராம். வேகம் 1.8 ஆகக் குறைய வேண்டும். பம்ப்பில் பழைய 3.6 அப்படியே ஓடினால் நோயாளிக்குப் போவது கிலோவுக்கு 5 அல்ல, 10 மைக்ரோகிராம். பம்ப்பின் திரையில் எந்த வித்தியாசமும் இல்லை. நேற்றிருந்த அதே எண்தான். நோயாளியின் இதயத் துடிப்பு எகிறுவதை மானிட்டரில் பார்த்த பிறகுதான் சந்தேகம் வரும். சிரிஞ்சின் மேல் ஒட்டும் லேபிளில் மருந்தின் பெயரோடு மொத்த மில்லிகிராம், மொத்த மில்லி, ஒரு மில்லியில் எவ்வளவு, கலந்த நேரம், கலந்தவர் கையெழுத்து எல்லாம் வேண்டும் என்று கண்டிப்பது இதற்காகத்தான்.

கலக்கும்போதே நடக்கும் சின்னத் தவறு ஒன்றும் உண்டு. டோபமின் ஆம்பூலில் 5 மில்லி திரவத்தில் 200 மில்லிகிராம் இருக்கும். அதோடு 45 மில்லி சலைன் சேர்த்தால்தான் மொத்தம் 50 ஆகும். 50 மில்லி சலைனில் ஆம்பூலை அப்படியே ஊற்றினால் மொத்தம் 55 ஆகி, மருந்து சுமார் 9 சதவீதம் நீர்த்துப்போகும்.

பம்ப் இல்லாத இடத்தில் என்ன செய்வது? மைக்ரோ டிரிப் செட் இருந்தால் ஒரு வசதி. அதில் 60 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி. ஒரு மணிக்கும் 60 நிமிடம். ஆகவே மணிக்கு எத்தனை மில்லியோ, நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. தனிக் கணக்கே வேண்டாம். ஆனால் நம் விடை 3.6. நிமிடத்துக்கு மூன்று சொட்டா, நான்கு சொட்டா? ஒரு சொட்டு கூடினாலே மருந்து கால் பங்குக்கு மேல் கூடிவிடும். அதனால் பம்ப் இல்லாதபோது அதே 200 மில்லிகிராமை மொத்தம் 250 மில்லி வரும்படி கலப்பார்கள். மில்லிக்கு 800 மைக்ரோகிராம். மணிக்கு 18 மில்லி. நிமிடத்துக்கு 18 சொட்டு. ஒரு சொட்டு முன்னே பின்னே போனாலும் மாற்றம் 6 சதவீதத்துக்குள் நிற்கும். நோயாளிக்குப் போகும் நீர் மட்டும் ஐந்து மடங்காகும். ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க முடியும்.

இனி, 48 கிலோ என்ற அந்த எண் எங்கிருந்து வந்தது? தாளில் அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். வார்டில் அப்படியல்ல. மயங்கிக் கிடப்பவரை எடை மெஷினில் நிறுத்த முடியாது. பார்த்து மதிப்பிடுவார்கள், இல்லையென்றால் கூட வந்தவரைக் கேட்பார்கள். 48 கிலோக்காரரை 60 என்று மதிப்பிட்டால் போகும் மருந்து 5க்குப் பதில் 6.25. டோபமினில் இது பெரிய ஆபத்தில்லை. ரத்த அழுத்தத்தைப் பார்த்துப் பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைப்பதால் எடையில் நேர்ந்த பிழை தானே சரியாகிவிடும். (டோபமினே இப்போது முன்வரிசையில் இல்லை. அதிர்ச்சி நிலை நோயாளிகளிடம் டோபமினையும் நாரட்ரினலினையும் ஒப்பிட்டு 2010இல் வெளியான பெரிய ஆய்வில், டோபமின் தரப்பட்டவர்களுக்கு இதயத் துடிப்புக் கோளாறு அதிகம் வந்தது தெரிந்தது. கணக்கு அழகாக வருவதால் பயிற்சித் தாளில் மட்டும் அது ஓய்வு பெறவில்லை.)

ஒரே தடவையில் கொடுத்து முடிக்கும் மருந்துக்கு அந்தச் சலுகை கிடையாது, அதுவும் குழந்தைக்கு. நரம்பு வழியாகச் செலுத்தும் பாராசிட்டமால் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் கொண்டது. 5 கிலோ எடையுள்ள கைக்குழந்தைக்கு, கிலோவுக்கு 7.5 மில்லிகிராம் என்று கணக்கிட்டால் 37.5 மில்லிகிராம்; அதாவது 3.75 மில்லி. சீட்டில் அலகு தெளிவாக இல்லாமல் 37.5 என்பதை யாராவது மில்லி என்று எடுத்துக்கொண்டால், குழந்தைக்குப் போவது பத்து மடங்கு. இது கற்பனையல்ல. மில்லிகிராமையும் மில்லியையும் குழப்பிப் பச்சிளங்குழந்தைகளுக்குப் பத்து மடங்கு செலுத்திய சம்பவங்களைச் சொல்லி, பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010இல் எச்சரிக்கை வெளியிட்டது. பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரல் கெடும். அன்றைக்கே வெளியே தெரியாது. அதனால்தான் இத்தகைய சீட்டுகளில் மில்லிகிராமையும் மில்லியையும் இரண்டையும் எழுதச் சொல்கிறார்கள். இரண்டாவது நர்ஸ் ஒருவர், முதல்வரின் விடையைப் பார்க்காமல், தனியாகக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். விடையைப் பார்த்துவிட்டுப் போட்டால் கை அந்த விடைக்கே இழுத்துக்கொண்டு போகும்.

இதே கணக்கு நம் வீட்டு அலமாரியிலும் உண்டு. 10 கிலோ குழந்தையின் காய்ச்சலுக்கு டாக்டர், கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் 150 மில்லிகிராம் பாராசிட்டமால் தரச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 6 மில்லி. 5 மில்லியில் 250 உள்ள சிரப் என்றால் 3 மில்லி. ஒரு மில்லியில் 100 உள்ள சொட்டு மருந்து என்றால் ஒன்றரை மில்லி மட்டுமே. சொட்டு மருந்தைச் சிரப் என்று நினைத்து 6 மில்லி ஊற்றினால் 600 மில்லிகிராம், வேண்டியதைப் போல நான்கு மடங்கு. கடையில் ‘அதே மருந்துதான், வேறு கம்பெனி’ என்று மாற்றித் தரும்போது பெயர் ஒன்றாகவே இருக்கும், ஆனால் அடர்த்தி மாறியிருக்கலாம். மருந்து ஊற்றும் முன் பாட்டிலில் ‘ஒவ்வொரு 5 மில்லியிலும்’ அல்லது ‘ஒவ்வொரு மில்லியிலும்’ என்று தொடங்கும் ஆங்கில வரியைப் பாருங்கள். டாக்டர் எழுதியதோடு பொருந்தாவிட்டால் கேட்காமல் கொடுக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது குழந்தையின் எடையையும், வீட்டுப் பெரியவர்களின் எடையையும் கிலோவில், கடைசியாக நிறுத்த தேதியோடு எழுதி எடுத்துப் போங்கள். நர்ஸ் போடும் கணக்கில் அந்த எண்ணை மட்டும் ஆம்பூலும் சொல்லாது, பம்ப்பும் சொல்லாது.