விளம்பரக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது?

2022 ஜூலையில் பின்லாந்தைச் சேர்ந்த வித்செக்யூர் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் ஒரு மோசடிக் கும்பலைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. வியட்நாமிலிருந்து இயங்கியதாகக் கருதப்படும் அந்தக் கும்பலின் வேலைக்கு ‘டக்டெயில்’ என்று பெயர் வைத்தார்கள். அது குறிவைத்தது ஃபேஸ்புக்கில் கம்பெனிகள் வைத்திருக்கும் விளம்பரக் கணக்குகளை. பல கணக்குகளில் கம்பெனியின் கார்டு ஏற்கெனவே சேமிக்கப்பட்டிருக்கும். உள்ளே நுழைந்துவிட்டால் போதும், அடுத்தவர் பணத்தில் தங்கள் விளம்பரத்தை ஓட்டிக்கொள்ளலாம்.

அவர்கள் முதலில் லிங்க்ட்இன் தளத்தில் ஆள் தேடினார்கள். ஒரு கம்பெனியில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் பார்ப்பவர், மேலாளர், மனிதவளப் பிரிவில் இருப்பவர் என விளம்பரக் கணக்கில் கைவைக்க உரிமை இருக்கக்கூடியவர்களைப் பொறுக்கினார்கள். பிறகு, புது பிராண்டின் திட்டம் என்றோ பொருள் விவரம் என்றோ சொல்லி ஒரு ஜிப் ஃபைலை அனுப்பினார்கள். அதைத் திறந்தால் சில படங்கள் இருக்கும். அவற்றோடு பிடிஎஃப் போலத் தோற்றம் காட்டும் ஒரு ஃபைலும் இருக்கும். உண்மையில் அது ஒரு புரோகிராம். கிளிக் செய்தவுடன் அது பிரவுசரில் இருக்கும் குக்கீகளைத் திருடி அனுப்பிவிடும்.

இங்கேதான் பலரும் கவனிக்காத விஷயம் இருக்கிறது. ஒருமுறை லாகின் செய்துவிட்டால், ‘இவர் ஏற்கெனவே உள்ளே வந்தவர்’ என்பதற்கான அடையாளத்தை பிரவுசர் குக்கீயாக வைத்துக்கொள்கிறது. அதனால்தான் ஃபேஸ்புக் ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்பதில்லை. அந்த அடையாளத்தையே திருடியவனிடம் பாஸ்வேர்டும் கேட்காது, ஓடிபியும் கேட்காது. அதாவது, இரண்டடுக்கு லாகின் போட்டிருந்த கணக்கிலும் டக்டெயில் நுழைய முடிந்தது.

அப்படியானால் இரண்டடுக்கு லாகின் வீணா? இல்லை. பாஸ்வேர்டு கசிந்து நடக்கும் திருட்டை அது தடுக்கும், அந்த வகைத் திருட்டும் நிறையவே நடக்கிறது. ஆனால் எந்த வழியில் போடுகிறோம் என்பது முக்கியம். எஸ்எம்எஸ்ஸில் வரும் எண் சிம்மை நம்பி இருக்கிறது. ரீசார்ஜ் விட்டுப்போனாலோ, சிம் வேறு ஆள் கைக்குப் போனாலோ உரிமையாளரே வெளியே நிற்க வேண்டியதுதான். போனிலேயே எண் உருவாக்கித் தரும் ஆத்தென்டிகேட்டர் ஆப் அதைவிட மேல். கூடவே ஃபேஸ்புக் தரும் ரெக்கவரி கோடுகளை ஒரு தாளில் எழுதிப் பீரோவில் வைத்துவிட்டால், போன் தொலைந்தாலும் கணக்கு தொலையாது. அந்த கோடுகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே கம்ப்யூட்டரில் வைப்பது ஆபத்து. கும்பல்கள் அவற்றையும் தேடி எடுக்கின்றன.

உள்ளே நுழைந்த பிறகு டக்டெயில் செய்த வேலையைப் பார்த்தால், பாதுகாப்பின் மறுபாதி புரியும். யாருடைய குக்கீ திருடப்பட்டதோ அவருக்கு இருந்த அதிகாரத்தைக் கொண்டே, திருடனின் இமெயிலை அந்தக் கம்பெனியின் கணக்கில் அட்மினாகவும், பணம் தொடர்பானவற்றை மாற்றும் உரிமை உள்ளவராகவும் சேர்த்தார்கள். அட்மின் உரிமை இல்லாத ஒருவரின் குக்கீ கிடைத்திருந்தால் இதைச் செய்திருக்க முடியாது. போஸ்டர் வடிவமைக்கும் பையனுக்கும் அட்மின் உரிமையைக் கொடுத்துவைத்திருக்கும் கம்பெனியில், அந்தப் பையன் திறக்கும் ஒரு ஃபைல் முழுக் கம்பெனியையும் கொண்டுபோய்விடும்.

ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா இதற்காகவே உரிமைகளைப் பிரித்து வைத்திருக்கிறது. கம்பெனிக்கென்று business.facebook.com தளத்தில் ஒரு பிசினஸ் போர்ட்ஃபோலியோ உருவாக்கலாம். முன்பு இதை பிசினஸ் மேனேஜர் என்றார்கள். பேஜ், இன்ஸ்டாகிராம், விளம்பரக் கணக்கு, இணையதளத்தில் வாடிக்கையாளர் நடமாட்டத்தைப் பதியும் பிக்சல் எல்லாம் இதன் சொத்துகளாக இருக்கும். ஆட்கள் அவரவர் சொந்த ஐடியில் வந்து, தங்களுக்குக் கொடுத்த அளவுக்கு மட்டும் வேலை செய்வார்கள். விளம்பரக் கணக்கில் View performance என்று கொடுத்தால் கணக்கு விவரத்தைப் பார்க்க மட்டும் முடியும். Manage campaigns என்று கொடுத்தால் விளம்பரம் போடலாம். ஆள் சேர்ப்பது, நீக்குவது எல்லாம் Manage ad account உரிமை உள்ளவர் கையில். தினசரி வேலைக்கு இரண்டாவதே போதும்.

நடைமுறையில் இது எப்படிக் குழம்புகிறது என்று பார்ப்போம். திருப்பூரில் குழந்தைகளுக்கான பின்னலாடை விற்கும் ஒரு சிறு கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். நான்கு வருடம் முன்பு பேஜைத் தொடங்கியது அங்கே வேலை பார்க்கும் டிசைனர். முதல் விளம்பரத்தையும் தன் சொந்த ஐடியிலிருந்தே அவர்தான் போட்டார். இப்போது தினமும் 3,000 ரூபாய்க்கு விளம்பரம் ஓடுகிறது, ஆர்டரில் பெரும்பகுதி அதில்தான் வருகிறது. டிசைனருக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது.

“தம்பி, அந்த பாஸ்வேர்டை மட்டும் எழுதிக் குடுத்துட்டுப் போ” என்கிறார் முதலாளி.

“அது என் சொந்த ஐடிங்கண்ணா. குடும்பப் போட்டோ, மெசேஜ் எல்லாம் அதுலதான் இருக்குது. எப்படிங்க குடுக்கறது?”

டிசைனர் சொல்வது நியாயம். ‘திருப்பூர் கார்மென்ட்ஸ்’ என்று ஆள் பெயர் போல ஒரு பொது ஐடி உருவாக்கி எல்லோரும் அதில் நுழையலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். ஃபேஸ்புக் விதிப்படி தனிநபர் ஐடி உண்மையான மனிதருடையதாக இருக்க வேண்டும். பொது ஐடி ஒருநாள் முடக்கப்படும், அது மட்டுமே அட்மின் என்றால் பேஜும் கையை விட்டுப் போகும். யார் என்ன செய்தார் என்பதும் அதில் தெரியாது.

சரியான வழி, டிசைனர் வேலையில் இருக்கும்போதே சொத்துகளைக் கம்பெனி பெயருக்கு மாற்றுவது. முதலாளி தன் சொந்த ஐடியில் போர்ட்ஃபோலியோ உருவாக்குகிறார். முழுக் கட்டுப்பாடு தனக்கும், தொழிலில் பங்குள்ள மனைவிக்கும் மட்டும். ஒருவர் ஐடி முடங்கினாலும் இன்னொருவர் இருக்க வேண்டும் என்பதால் இரண்டு பேர். செட்டிங்ஸில் இரண்டடுக்கு லாகினை எல்லோருக்கும் கட்டாயமாக்குகிறார். அப்புறம் பேஜையும், விளம்பரக் கணக்கின் எண்ணைக் கொடுத்து அந்தக் கணக்கையும் போர்ட்ஃபோலியோவுக்குள் கொண்டுவருகிறார். பழைய அட்மினான டிசைனரின் சம்மதம் கேட்டு ஒரு அறிவிப்பு போகும், அவர் ஒப்புக்கொள்கிறார். சில நிமிட வேலைதான். ஆனால் அவர் போன பிறகு, போன் எடுக்காத நிலையில் இதைச் செய்யப் பார்த்தால் மாதக்கணக்கில் இழுக்கும்.

இங்கே ஒரு சொல்லில் மிகுந்த கவனம் வேண்டும். விளம்பரக் கணக்கைச் சேர்க்கும் இடத்தில் Claim, Request என்று தனித்தனி வழிகள் உண்டு. Request என்றால் வேலை செய்ய அனுமதி கேட்பது. Claim என்றால் உரிமையையே எடுத்துக்கொள்வது. ஒரு போர்ட்ஃபோலியோவுக்குள் உரிமையாகப் போன விளம்பரக் கணக்கை அங்கிருந்து எடுத்து இன்னொன்றுக்கு மாற்ற வழி கிடையாது. கோயம்புத்தூரில் ஒரு ஏஜென்சியிடம் வேலையை ஒப்படைக்கும்போது அவர்கள் Claim அனுப்பி, கம்பெனியில் யாரோ யோசிக்காமல் சம்மதம் கொடுத்துவிட்டால், இத்தனை வருட விளம்பர அனுபவமும் ஏஜென்சியின் சொத்தாகிவிடும். பிரியும் நாளில் புதுக் கணக்கிலிருந்து முதல் விளம்பரம் போட வேண்டியிருக்கும். ஏஜென்சிக்கு Partners என்ற பகுதி வழியாக, அவர்களுடைய போர்ட்ஃபோலியோ எண்ணைக் கேட்டு வாங்கி, வேலை செய்யும் உரிமை மட்டும் கொடுக்க வேண்டும். ஏஜென்சியில் ஆள் மாறினால் அது அவர்கள் பாடு. ஒப்பந்தம் முடிந்தால் இங்கிருந்து ஒரு கிளிக்கில் நீக்கிவிடலாம்.

கூகுள் விளம்பரத்திலும் இதே கதைதான். அங்கே ஏஜென்சிகள் ‘மேனேஜர் கணக்கு’ வழியாக வாடிக்கையாளர் கணக்குடன் இணைகின்றன. கணக்கை ஏஜென்சியே தன் இமெயிலில் திறந்து தரவிடாமல், கம்பெனியின் இமெயிலில் திறந்து, கம்பெனி ஆள் ஒருவரை அட்மினாக வைத்த பிறகே இணைப்புக்கு ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி டிசைனர் கிளம்பும் நாள். போர்ட்ஃபோலியோவின் People பகுதியில் அவர் பெயரை நீக்கினால், அதன் வழியாகக் கிடைத்த உரிமைகள் எல்லாம் போய்விடும். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் பழைய காலத்தில் பேஜிலேயே நேரடியாகக் கொடுத்த உரிமை தனியாக ஒட்டிக்கொண்டிருக்கும். பேஜின் செட்டிங்ஸில் அவர் பெயர் இருக்கிறதா என்று தனியே பார்த்து எடுக்க வேண்டும். இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டு அவருக்குத் தெரியும், ஓடிபியும் அவர் போனுக்கே போகும். இங்கே வரிசை முக்கியம்: முதலில் அவர் முன்னிலையிலேயே போன் எண்ணையும் இமெயிலையும் மாற்றி, அப்புறம் பாஸ்வேர்டை மாற்றி, கடைசியாக மற்ற எல்லாச் சாதனங்களிலும் லாகவுட் செய்ய வேண்டும். பாஸ்வேர்டை முதலில் மாற்றப்போனால், உறுதிசெய்யும் எண்ணுக்காக அவரைத்தான் மறுபடி கூப்பிட வேண்டியிருக்கும்.

இணையதளத்தின் பெயர் யார் இமெயிலில் வாங்கப்பட்டது, கம்பெனியின் ஜிமெயிலை மீட்கும் எண் யாருடையது, விளம்பரத்துக்குக் கொடுத்த கார்டு யாருடையது என்பதையும் அதே நாளில் பார்த்துவிட வேண்டும். ஊழியர் தன் கார்டில் கட்டிவிட்டு மாதக் கடைசியில் வாங்கிக்கொள்ளும் வழக்கம் சிறு கம்பெனிகளில் உண்டு. அவர் போய் மூன்று மாதம் கழித்து அந்தக் கார்டில் பணம் பிடித்தால் தகராறு தொடங்கும்.

இவ்வளவு செய்தும் கணக்கு திருடு போகலாம். தெரியாத பெயர் அட்மின் பட்டியலில் வருவது, யாரும் போடாத விளம்பரம் நள்ளிரவில் ஓடுவது, தினசரி பட்ஜெட் திடீரென்று பல மடங்காவது இவையே முதல் அறிகுறிகள். விளம்பரக் கணக்குக்கு மொத்தச் செலவு வரம்பு ஒன்றை முன்பே போட்டு வைத்திருந்தால், கவனிப்பதற்குள் போகும் பணம் குறையும். பணத்தை மாற்றும் உரிமை திருடனிடம் போய்விட்டால் அந்த வரம்பையும் அவன் எடுத்துவிடுவான் என்பதால், அந்த உரிமையும் ஒருவர் இருவருக்கு மேல் வேண்டாம்.

சந்தேகம் வந்தால் முதல் போன் வங்கிக்கு. கார்டை முடக்கச் சொல்லிவிட்டு, வைரஸ் இல்லாத வேறு சாதனத்திலிருந்து விளம்பரங்களை நிறுத்தி, தெரியாத ஆளை நீக்கி, எல்லா இடத்திலும் லாகவுட் செய்து பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். கணக்குக்குள்ளேயே போக முடியாவிட்டால் facebook.com/hacked பக்கத்தில் புகார் கொடுக்கலாம். பணம் போயிருந்தால் தேசிய சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும், cybercrime.gov.in தளத்திலும் பதியலாம். பணத்தை வழியில் மடக்க முடியுமா என்பது எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது. மெட்டாவிடம் பேசும்போது போர்ட்ஃபோலியோ எண்ணையும் விளம்பரக் கணக்கு எண்ணையும் கேட்பார்கள். கணக்குக்குள் போக முடியாத நேரத்தில் அவற்றைப் பார்க்கவும் முடியாது. அதனால் இன்றே இரண்டு எண்களையும் எழுதி ரெக்கவரி கோடுகளோடு சேர்த்து வைத்துவிடலாம்.