வேர் ஓரிடம், உயிர் ஓரிடம்
தமிழில் ‘வீடு’ என்பதோடு ‘கள்’ சேர்த்தால் ‘வீடுகள்’. அரபியில் ஒரு புத்தகம் ‘கிதாப்’. பல என்றால் ‘குதுப்’. கடைசியில் எதுவும் ஒட்டவில்லை, உள்ளிருந்த உயிர்கள்தான் மாறின.

க், த், ப் என்ற மூன்று மெய்கள் மட்டும் அசையவில்லை. எழுத்து தொடர்பான பொருளைச் சுமப்பவை அவையே. ‘கதப’ எழுதினான், ‘காதிப்’ எழுதுபவர், ‘மக்தப்’ எழுதும் இடம். தமிழக முஸ்லிம் சிறுவர்கள் ஓதப் போகும் மக்தப்பும் இதே சொல்தான்.

‘காதிப்’பை எங்கே வெட்டினாலும் வேர் உடைகிறது, ஆ, இ இரண்டும் அதன் இடுக்குகளில் கிடக்கின்றன. சொல்லைத் துண்டுகளின் வரிசையாகக் காணும் இலக்கணம் இங்கேதான் திணறுகிறது.

1979இல் ஜான் மெக்கார்த்தி தம் ஆய்வேட்டில் வேரையும் உயிர்களையும் தனித்தனி அடுக்குகளில் வைத்து, இரண்டையும் ஒரு சட்டகத்தில் இணைத்தார். ஆனால் அரபியில் ஒட்டும் உண்டு: ‘முஸ்லிம்’ பன்மையில் ‘முஸ்லிமூன்’.