மூடும் கடிதத்தில் தொகை எழுதலாமா?

ஈரோட்டில் இரண்டு பேர் கூட்டாக நடத்தும் ஜவுளி மொத்தக் கடை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கூட்டு பிரிகிறது. கடையின் கரண்ட் அக்கவுண்டில் ஸ்டேட்மென்ட்படி இருப்பு ரூ.86,400. மூத்த பங்குதாரர் லெட்டர்ஹெட்டை எடுத்து, 'கணக்கை மூடி, ரூ.86,400-ஐ என் சேமிப்புக் கணக்குக்கு மாற்றவும்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி வங்கிக்குக் கொடுத்தனுப்புகிறார். ஒரே வரிதான், அதில் மூன்று தப்பு.

முதல் தப்பு, கையெழுத்து. அன்றாடச் செக்கில் யாராவது ஒருவர் போட்டால் போதும் என்று ஏற்பாடு இருந்திருக்கலாம். ஆனால் கணக்கை மூட எல்லாப் பங்குதாரர்களின் கையெழுத்தையும் வங்கி கேட்பதுதான் வழக்கம். இரண்டாவது தப்பும் இதோடு ஒட்டியதே: பணம் கடையுடையது, ஒருவருடையது அல்ல. எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்பதையும் இருவரும் சேர்ந்தே சொல்ல வேண்டும்.

மூன்றாவது, அந்தத் தொகை. அதுதான் ஆளைச் சுற்றவிடும். மூடும் அன்று வங்கி தன் கட்டணத்தையும் அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யையும் பிடிக்கும். கட்டணம் போனபின் 86,400 இருக்காது. எழுதிய தொகையை மாற்ற முடியாமல் கடிதம் மேசையிலேயே கிடக்கும். கணக்கும் திறந்தே இருக்கும். அதனால் கடிதத்தில் எண்ணே வேண்டாம். 'கட்டணங்கள் போக மீதமுள்ள முழுத் தொகையையும்' என்று எழுதி, போக வேண்டிய கணக்கின் பெயர், எண், ஐ.எஃப்.எஸ்.சி. மூன்றையும் தந்தால் போதும்.

சரி, அந்த 86,400 முழுவதும் கடையின் பணம்தானா? செக் புத்தகத்தின் அடிக்கட்டையைப் புரட்டினால் தெரியும். 451 முதல் 500 வரை ஐம்பது தாள். 472 வரை கிழித்தாகிவிட்டது. அதில் 468 எழுத்துப் பிழையால் கெட்டுப்போய்ப் புத்தகத்திலேயே இருக்கிறது. 470, நூல் வியாபாரிக்குக் கொடுத்த ரூ.18,500. அவர் இன்னும் வங்கியில் போடவில்லை.

இதைப் பார்க்காமல் கணக்கை மூடினால், 'கணக்கு மூடப்பட்டது' என்ற காரணத்தோடு அந்தச் செக் திரும்பும். பணம் இல்லாமல் திரும்புவதற்கும் இதற்கும் சட்டத்தில் வித்தியாசம் இல்லை. இதுவும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவுக்குள் வரும் என்று 1999-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. செக்கில் போட்ட தேதியிலிருந்து மூன்று மாதம் வரை அது உயிரோடு இருக்கும். அதுவரை காத்திருக்க முடியாதென்றால், வியாபாரியிடம் பேசி வேறு வழியில் பணத்தைக் கொடுத்து, 470-ஐக் கையில் வாங்கிவிடுவதே நல்லது. பின்தேதியிட்டுக் கொடுத்த செக்குகளும் அப்படித்தான். பிறகு 473 முதல் 500 வரையிலான 28 தாள்களோடு 468, 470 இரண்டையும் சேர்த்து, குறுக்கே கோடிட்டு 'ரத்து' என்று எழுதி, எண்களைக் கடிதத்தில் குறிப்பிட்டு ஒப்படைக்க வேண்டும்.

மாதாமாதம் தானாகப் போகும் பணம் இரண்டு வகை. 5-ஆம் தேதி குடோன் வாடகை ரூ.12,000 போவது, கடை தன் வங்கிக்குக் கொடுத்த நிலையான உத்தரவால். அதை ரத்து செய்ய இந்தக் கடிதமே போதும். கட்டிட உரிமையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

10-ஆம் தேதி வேன் கடனுக்குப் போகும் ரூ.14,350 வேறு மாதிரி. நாச் மேண்டேட் என்ற அனுமதியை வைத்துக்கொண்டு கடன் கொடுத்தவரே இழுக்கும் பணம் அது. கணக்கு போய்விட்டது என்பதற்காக அவர் இழுப்பதை நிறுத்த மாட்டார். தவணை திரும்பும், அபராதம் விழும், கடன் வரலாற்றிலும் கறை படியும். ஆகவே புதுக் கணக்கிலிருந்து மேண்டேட் கொடுத்து, ஒரு தவணை அங்கிருந்து போவதைக் கண்ணால் பார்த்தபிறகுதான் பழைய மேண்டேட்டை ரத்து செய்யலாம்.

இவ்வளவும் முடிந்தபின் எழுதும் கடிதம் சின்னதுதான்:

'எங்கள் கடையின் மேற்கண்ட நடப்புக் கணக்கை மூடும்படி கேட்டுக்கொள்கிறோம். மாதம் 5-ஆம் தேதி வாடகைக்கான நிலையான உத்தரவை ரத்து செய்யவும். 468, 470, 473 முதல் 500 வரையிலான செக் தாள்களையும் டெபிட் கார்டையும் இத்துடன் ஒப்படைக்கிறோம். வெளியே நிலுவைச் செக் எதுவும் இல்லை. கட்டணங்கள் போக மீதமுள்ள முழுத் தொகையையும் கீழ்க்கண்ட கணக்குக்கு மாற்றி, மூடியதற்கான கடிதமும் இறுதி ஸ்டேட்மென்ட்டும் தரவும்.'

கீழே இருவர் கையெழுத்து, சீல். நகலில் வங்கியின் முத்திரையும் தேதியும் வாங்காமல் கவுண்டரை விட்டு நகரக் கூடாது. ஜி.எஸ்.டி. பதிவில் பழைய கணக்கு எண் இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். கடையில் மிச்சமிருக்கும் பில் புக்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு பில்லின் அடியிலும் பழைய கணக்கு எண் அச்சாகியிருக்கும். அதைப் பார்த்து வாடிக்கையாளர் அனுப்பும் பணம் அவரிடமே திரும்பிப் போகும். 'நான் அனுப்பிட்டேனே' என்று அவரும், 'வரவே இல்லையே' என்று இவரும் போனில் பேசிக்கொண்டிருப்பார்கள்.